பணம் இருக்கிறது, கார்டு ஓடவில்லை!

கேள்வி: வங்கியில் புது டெபிட் கார்டு கொடுத்தார்கள். ஏடிஎம்மில் பணம் வருகிறது. ஆனால் மகளின் கல்லூரிக் கட்டணம் 30,000 ரூபாயை ஆன்லைனில் கட்டப் போனால் மறுத்துவிடுகிறது. கணக்கில் 50,000 இருக்கிறதே?
- ஒரு வாசகி, அரியாங்குப்பம்

பதில்: இருப்பைப் பார்ப்பதற்கு முன்பே வங்கியின் கணினி வேறு சிலவற்றைப் பார்க்கிறதம்மா. ரிசர்வ் வங்கி 2020 ஜனவரியில் போட்ட உத்தரவின்படி, புதிய கார்டு உள்நாட்டு ஏடிஎம்மிலும் கடை மெஷினிலும் மட்டுமே வேலை செய்யும். ஆன்லைன் வசதியை நீங்கள்தான் திறக்க வேண்டும். திருடன் கையில் கார்டு எண் சிக்கினாலும் பயன்படாதிருக்க இந்தப் பூட்டு. நல்ல ஏற்பாடுதான், கார்டைக் கொடுக்கும்போதே இதைச் சொல்லியிருக்கலாம்!

வங்கியின் செயலியில் கார்டு பகுதிக்குப் போய் ஆன்லைன் பரிவர்த்தனையை இயக்குங்கள். அங்கேயே தினசரி வரம்பும் இருக்கும். அது 25,000 என்றிருந்தால் உங்கள் 30,000 போகாது; உயர்த்திக்கொள்ளுங்கள். எது தடை என்று தெரியவில்லையா? நூறு ரூபாய்க்கு மொபைல் ரீசார்ஜ் செய்து பாருங்கள். அது போனால் பெரும்பாலும் வரம்புதான் சிக்கல். அதுவும் போகாவிட்டால் பூட்டைச் சந்தேகியுங்கள்.

இரண்டும் சரியாக இருந்தும் மறுத்தால், வழக்கத்துக்கு மாறான பெரிய தொகை என்று வங்கியின் மோசடித் தடுப்பு நிறுத்தியிருக்கலாம். திரும்பத் திரும்ப முயலாதீர்கள், சந்தேகம் கூடும். கார்டின் பின்புறமுள்ள எண்ணுக்குப் பேசுங்கள். ஓடிபியை மட்டும் அவர்களிடமும் சொல்ல வேண்டாம்.