பயாப்சி ரிப்போர்ட்டை வீட்டில் படித்துச் சொல்லும் தங்கைக்கு

பயாப்சி ரிப்போர்ட் இங்கிலீஷில்தான் வரும். வீட்டில் காலேஜ் படித்தவள் நீ ஒருத்திதான் என்றால் அது நேராக உன் கைக்கு வந்துவிடும். தீப்பெட்டி ஆபீஸிலிருந்து வந்த அம்மா, பிரஸ்ஸுக்கு லீவு போட்ட அண்ணன், பக்கத்து வீட்டு மதினி என்று எல்லாரும் உன் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். திசுப் பரிசோதனை லேபில் வேலை பார்க்கிற அக்கா சொல்கிறேன், வாயைத் திறக்குமுன் ஒன்றைப் பார்த்துக்கொள். இது எத்தனையாவது ரிப்போர்ட்?

ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். ஆப்செட் பிரஸ்ஸில் கட்டிங் மிஷின் ஓட்டிய பெரியவர். வருஷக்கணக்கில் புகையிலை அடக்கிய கன்னத்தின் உள்பக்கம் ஆறாத புண். முதலில் அந்தப் புண்ணின் ஓரத்தில் துளியூண்டு சதை கிள்ளி அனுப்புவார்கள். அதில் வருவது முதல் ரிப்போர்ட். பிறகு ஆபரேஷனில் புண்ணையும் கழுத்து நெறிகளையும் எடுத்து முழுசாக அனுப்புவார்கள். அதில் வருவது இரண்டாவது. முதல் ரிப்போர்ட் ‘இது கேன்சரா, என்ன வகை’ என்பதற்கு மட்டும்தான் பதில். ‘எவ்வளவு தூரம் போயிருக்கிறது, முழுசாக எடுத்தாயிற்றா’ என்பதெல்லாம் இரண்டாவதில்தான். முதல் காகிதத்தை வைத்துக்கொண்டு இரண்டாவதின் கேள்விக்குப் பதில் சொல்லாதே.

பெரியவரின் முதல் ரிப்போர்ட்டில் ‘இன்வேசிவ் ஸ்குவாமஸ் செல் கார்சினோமா, வெல் டிஃபரன்ஷியேட்டட்’ என்று இருக்கிறது. வேறு சில ரிப்போர்ட்டில் ‘மாலிக்னன்ட்’ என்றே இருக்கும். இரண்டும் கேன்சரைத்தான் சொல்கின்றன. அதைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடு. நம் ஆட்கள் தடுக்கி விழுவது அடுத்த வாக்கியத்தில். மாலிக்னன்ட் என்றால் ‘பரவக்கூடிய தன்மையுள்ள கட்டி’ என்று யாரோ விளக்கியிருப்பார்கள். அது நாலு வாய் மாறி ‘பரவிவிட்டதாம்’ என்று வீட்டுக்கு வந்து சேரும். பரவக்கூடியது வேறு, பரவிவிட்டது வேறு. ‘இன்வேசிவ்’ என்பதற்கும் உடம்பெல்லாம் போய்விட்டது என்று அர்த்தம் கிடையாது. மேல்தோலைத் தாண்டி அடிச்சதைக்குள் இறங்கியிருக்கிறது, அவ்வளவுதான். வேறு உறுப்புக்குப் போயிருந்தால் ‘மெட்டாஸ்டாசிஸ்’ என்ற சொல் வரும். அது இல்லாத ரிப்போர்ட்டில் நீயாகச் சேர்க்காதே. அதற்காக ‘எங்கும் பரவவில்லை’ என்று உறுதியும் கொடுக்காதே. அதைப் பார்க்க ஸ்கேன் இருக்கிறது.

‘வெல் டிஃபரன்ஷியேட்டட்’ என்பதை ‘நல்லா இருக்கு’ என்று படித்துவிடாதே. கேன்சர் செல் நம் சொந்த செல்லின் சாயலில் இன்னும் இருக்கிறது, பொதுவாக மெதுவாக வளரும் ரகம் என்பதுதான் சேதி. இது கிரேடு. ஸ்டேஜ் வேறு கணக்கு. கிரேடு ஒன்று என்றவுடன் ‘முதல் ஸ்டேஜ்தான், பயமில்லை’ என்று சொல்லிவிட்டால், பிறகு டாக்டர் ஸ்டேஜ் இரண்டு என்னும்போது நோய் முற்றிவிட்டதாக வீடே கலங்கும்.

இனி இரண்டாவது ரிப்போர்ட். இதில்தான் ‘மார்ஜின்’ வரும். அது லேபில் எப்படி உருவாகிறது என்று தெரிந்தால் உனக்கே விளக்க வந்துவிடும். ஆபரேஷனில் எடுத்த சதை ஃபார்மலின் டப்பாவில் எங்களிடம் வரும். எந்தப் பக்கம் மேல், எந்தப் பக்கம் முன் என்று தெரிய சர்ஜன் அதில் நீளமும் குட்டையுமாக நூல் தைத்து அனுப்பியிருப்பார். நாங்கள் வெட்டுப்பட்ட வெளிப்பக்கம் முழுவதும் மை பூசுவோம். பிறகு துண்டு போட்டு, மெழுகில் பதித்து, சில மைக்ரான் கனத்தில் சீவி, சாயம் ஏற்றி டாக்டரிடம் கொடுப்போம். மைக்ராஸ்கோப்பில் அந்த மைக்கோடு கறுப்பாகத் தெரியும். அதுதான் கத்தி போன இடம். கேன்சர் செல்லுக்கும் மைக்கோட்டுக்கும் நடுவில் உள்ள தூரத்தை அளந்து எழுதுவதுதான் மார்ஜின்.

அந்தப் பெரியவரிடம் இதைச் சொல்ல அவர் தொழிலே போதும். காலண்டர் ஷீட்டை வெட்டும்போது படத்தில் பிளேடு படாமல் சுற்றிலும் வெள்ளை விட்டு வெட்டுகிற மாதிரி, புண்ணைச் சுற்றி நல்ல சதையையும் சேர்த்து எடுத்திருக்கிறார்கள், அந்த வெள்ளை எவ்வளவு மிஞ்சியது என்று அளந்திருக்கிறார்கள். கட்டிங் மிஷின்காரருக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

அவருடைய இரண்டாவது ரிப்போர்ட் சொல்வது இது: கட்டி 2.4 சென்டிமீட்டர், இறங்கிய ஆழம் 6 மில்லிமீட்டர், சுற்று மார்ஜின்கள் எல்லாம் ‘ஃப்ரீ’, அடி மார்ஜின் மட்டும் 3 மில்லிமீட்டர், ‘க்ளோஸ்’. வாய்க் கேன்சரில் 5 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் இருந்தால் ஓரம் சுத்தம் என்பது பொதுவான கணக்கு. அதற்குக் குறைந்தால் நெருக்கம். ஒரு மில்லிமீட்டர்கூட இல்லையென்றால் ஓரத்தில் கேன்சர் இருப்பதாகவே எடுத்துக்கொள்வார்கள். ஆகவே 3 என்றால் வெட்டிய இடத்தில் கேன்சர் தென்படவில்லை, ஆனால் நடுவில் விட்ட நல்ல சதை போதுமான அளவு இல்லை. இந்த இரண்டு பாதியையும் சேர்த்தே சொல். முதல் பாதியை மட்டும் சொன்னால், கதிர்வீச்சு வேண்டும் என்று டாக்டர் சொல்லும்போது ‘அதான் சுத்தமா எடுத்தாச்சே’ என்று போகாமல் இருந்துவிடுவார். இரண்டாவது பாதியை மட்டும் சொன்னால் ஆபரேஷனே வீண் என்று உட்கார்ந்துவிடுவார்.

இதே 3 மில்லிமீட்டர், மார்பகத்தில் கட்டியை மட்டும் எடுத்த அத்தையின் ரிப்போர்ட்டில் இருந்தால் கதையே வேறு. அங்கே இன்வேசிவ் கேன்சர் மைக்கோட்டைத் தொடாமல் இருந்தாலே பொதுவாகப் போதும். ஒருவர் ரிப்போர்ட்டின் எண்ணை இன்னொருவருக்கு வைத்து ஒப்பிட வேண்டாம்.

இன்னொரு சந்தேகமும் வரும். ‘ஒரு சென்டிமீட்டர் விட்டு எடுத்தேன்னு டாக்டர் சொன்னாரே, இதிலே மார்ஜின் 6 மில்லிமீட்டர்னு போட்டிருக்கே?’ யாரும் பொய் சொல்லவில்லை. வாய்ச்சதை வெட்டியவுடன் சுருங்கும், ஃபார்மலினில் இன்னும் கொஞ்சம் சுருங்கும்.

‘பாசிட்டிவ்’, ‘நெகட்டிவ்’ என்ற சொற்களை வீட்டில் உச்சரிக்காமலே இருப்பது நல்லது. மார்ஜின் பாசிட்டிவ் என்றால் ஓரத்தில் கேன்சர் இருக்கிறது. காதில் விழுகிறவருக்கு அது நல்ல செய்தியாகவே கேட்கும். ‘ஓரத்தில் இருக்கிறது’, ‘ஓரத்தில் இல்லை’ என்று சொல்லிவிடு. நெறிகளுக்கும் அப்படியே. 0/18 என்று எழுதியிருந்தால் 18 நெறிகளை எடுத்துப் பார்த்தார்கள், ஒன்றில்கூட கேன்சர் இல்லை. 18 இடத்தில் இருக்கிறது என்று படித்துவிட்டு அழுத குடும்பங்கள் உண்டு.

‘சஜ்ஜஸ்டிவ்’, ‘சஸ்பிஷியஸ்’, ‘கேனாட் பி ரூல்ட் அவுட்’ என்று ரிப்போர்ட் தயங்கினால் நீயும் தயங்கியே சொல். கேன்சர் என்றும் சொல்லாதே, இல்லை என்றும் சொல்லாதே. மறுபடி சதை எடுக்கவோ, வேறு சாயப் பரிசோதனை செய்யவோ வேண்டியிருக்கும். கிள்ளிய துண்டில் கேன்சர் இல்லை என்று வந்தும் புண் ஆறாமல் இருந்தால் திரும்பப் போயே ஆக வேண்டும். இல்லாதது அந்தத் துண்டில் மட்டும்தான்.

‘அவருகிட்ட சொல்லிடாதே’ என்று வீட்டில் மூத்தவர்கள் உன்னைத் தனியே கூப்பிட்டுச் சொல்வார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. கதிர்வீச்சு ஆறு வாரம் போல நடக்கும், வாயெல்லாம் வெந்து சோறு இறங்காது. எதற்காக என்று தெரியாதவர் பாதியில் நின்றுவிடுவார். ‘எவ்வளவு விவரம் வேணும்ப்பா?’ என்று அவரிடமே கேள். கேட்ட அளவுக்குச் சொல்.

டாக்டரைப் பார்க்கும்போது பேப்பரில் எழுதிக்கொண்டு போய்க் கேள்: அடி மார்ஜின் நெருக்கத்துக்கு என்ன செய்யப் போகிறீர்கள், மறுபடி வெட்டுவதா, கதிர்வீச்சா, எத்தனை வாரத்துக்குள் ஆரம்பிக்க வேண்டும்? மதுரை பாலரெங்காபுரம் கேன்சர் ஆஸ்பத்திரிக்கோ அடையாறு கேன்சர் இன்ஸ்டிட்யூட்டுக்கோ போவதானால் ரிப்போர்ட் மட்டும் போதாது. அங்கே அவர்களே மறுபடி பார்க்க ஸ்லைடும் மெழுகு பிளாக்கும் கேட்பார்கள். ரிப்போர்ட்டின் தலையில் இருக்கும் பயாப்சி நம்பரைச் சொல்லி லேபில் கேட்டால் கையெழுத்து வாங்கிக்கொண்டு தருவார்கள். ஸ்லைடு கண்ணாடி, உடையாத டப்பாவில் வை. பிளாக் மெழுகு, உருகிவிடும். நம் ஊர் வெயிலில் வண்டிப் பெட்டிக்குள் போட்டு வைக்காதே.