கண்மாய்க் கணக்கு கேட்டுக் கடிதம் எழுதும் முன்

புதுக்கோட்டை மாவட்டத்தில் கண்மாய், குளம், ஏந்தல் என்று ஐயாயிரத்துக்கும் மேல் உண்டு. வேளாண்மைத் துறை அலுவலகத்தில் இருக்கும் ஒருவர், "கண்மாய்ப் பாசனத்தில் சம்பா நெல் எங்கெங்கே குறைந்தது, தண்ணீர் போதாததுதான் காரணமா?" என்று ஓர் அறிக்கை தயாரிக்க வேண்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தண்ணீர்க் கணக்கும் நிலக் கணக்கும் அவர் கையில் இல்லை. வேறு துறைகளிடம் கேட்டு வாங்க வேண்டும். அவருக்கும், அவரைப் போல மற்ற துறைக்குக் கடிதம் எழுதுகிறவர்களுக்கும் சில குறிப்புகள்.

1. முதலில் கணக்கு யாரிடம் இருக்கிறது என்று பாருங்கள். ஆயக்கட்டு 40 ஹெக்டேருக்கு, அதாவது ஏறக்குறைய 100 ஏக்கருக்கு மேல் இருந்தால் கண்மாய் நீர்வளத் துறையுடையது. அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்தைச் சேர்ந்தவை. ஒரே கடிதத்தை நீர்வளத் துறைக்கு மட்டும் அனுப்பினால் பெரிய கண்மாய்கள் வரும். எண்ணிக்கையில் அதிகமான சிறியவை விடுபட்டுப் போகும். இன்னொன்றையும் கவனியுங்கள். அறந்தாங்கிப் பக்கம் கல்லணைக் கால்வாய்த் தண்ணீரில் நிறையும் ஏரிகளின் விவரம் புதுக்கோட்டையில் இருக்கும் தெற்கு வெள்ளாறு வடிநிலக் கோட்டத்தில் கிடைக்காமல் போகலாம். அந்தக் கால்வாயின் கோட்ட அலுவலகம் தஞ்சாவூரில் இருக்கிறது. பயிரான பரப்பு வருவாய்த் துறையிடம், கிராம நிர்வாக அலுவலர் எழுதும் அடங்கலில் இருக்கும். ஆக ஒரு அறிக்கைக்கு மூன்று துறை, நாலு விதமான கடிதம். எல்லாருக்கும் ஒரே கடிதத்தை எழுதி நகல் போடுவதைவிட, ஒவ்வொருவருக்கும் அவரிடம் இருப்பதை மட்டும் கேட்டு எழுதுவது பலன் தரும்.

2. எல்லைகள் ஒத்துப்போகாது என்பதை மறக்காதீர்கள். மாவட்டத்தில் வருவாய் வட்டங்கள் 12. ஊராட்சி ஒன்றியங்கள் 13. குன்றாண்டார்கோவில் என்று ஒன்றியம் உண்டு, அந்தப் பெயரில் வட்டம் கிடையாது. குளத்தூர் என்று வட்டம் உண்டு, அந்தப் பெயரில் ஒன்றியம் கிடையாது. வட்டாட்சியர் வட்டவாரியாகத் தருவார், வட்டார வளர்ச்சி அலுவலர் ஒன்றியவாரியாகத் தருவார். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் ஒட்டாது. அதனால் மொத்தத் தொகை கேட்காமல், வருவாய் கிராமத்தின் பெயரோடு வரிசை வரிசையாகக் கேளுங்கள். கூட்டிக்கொள்வது உங்கள் வேலை. கிராமப் பெயர் இல்லாவிட்டால் இன்னொரு தொல்லையும் வரும்: "பெரிய கண்மாய்", "புதுக்குளம்" என்ற பெயர்கள் ஊருக்கு ஊர் உண்டு.

3. எந்த ஆண்டு என்று பெயர் சொல்லுங்கள். "2024ஆம் ஆண்டு விவரம்" என்று கேட்டால் ஆளுக்கொன்று புரிந்துகொள்வார்கள். வருவாய்த் துறைக்குப் பசலி ஆண்டு, ஜூலை 1 முதல் அடுத்த ஜூன் 30 வரை. கணக்குப் பிரிவுக்கு ஏப்ரல் முதல் மார்ச் வரை. சம்பா இரண்டு ஆங்கில ஆண்டுகளில் கால் வைக்கிற பயிர் என்பதால் இங்கே குழப்பம் பெரிது: 2024 ஜனவரியில் அறுத்த நெல் பசலி 1433-இல் சேரும், அதே ஆண்டு கடைசியில் வயலில் நின்ற நெல் பசலி 1434-இல் சேரும். "பசலி 1434 (1.7.2024 முதல் 30.6.2025 வரை)" என்று எழுதிவிட்டால் யாரும் திருப்பிக் கேட்க மாட்டார்கள். பரப்பு ஹெக்டேரிலா ஏக்கரிலா என்பதையும் கூடவே சொல்லிவிடுங்கள். ஒரு ஹெக்டேர் 2.47 ஏக்கர், பத்தியின் தலையில் அலகு இல்லாமல் வந்த எண்ணை யாராலும் சரிபார்க்க முடியாது.

4. அவர்கள் ஏற்கெனவே எழுதி வைத்திருக்கும் வடிவிலேயே கேளுங்கள். மழைக்காலத்தில் நீர்வளத் துறை கண்மாய்களின் நிலையை முழுக் கொள்ளளவு, 76 முதல் 99 சதவீதம், 51 முதல் 75, 26 முதல் 50, அதற்கும் கீழே என்று வகுத்து அறிக்கை அனுப்புகிறது. "ஒவ்வொரு கண்மாயிலும் எத்தனை மில்லியன் கன அடி" என்று நீங்கள் புதிதாக ஒரு படிவம் போட்டால், உதவிப் பொறியாளர் ஊர் ஊராகப் போய் அளக்க மாட்டார். பழைய கோப்பில் இருப்பதைத் தோராயமாக மாற்றி நிரப்புவார். இருக்கும் வகையிலேயே, ஆனால் தேதி குறிப்பிட்டுக் கேளுங்கள். டிசம்பர் 31 அன்றைய நிலை என்றால் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின் கையில் நின்ற தண்ணீர் தெரியும். தேதி சொல்லாவிட்டால், உங்களுக்குப் பதில் எழுதிய நாளின் நிலையே வரும். மார்ச் மாதத்தில் எழுதப்பட்ட பதிலில் பாதிக் கண்மாய் வறண்டுதான் கிடக்கும். அதை வைத்துச் சம்பாவைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது.

5. எதற்குக் கேட்கிறோம் என்பதை இரண்டு வாக்கியத்தில் சொல்லுங்கள். "அலுவலகப் பயன்பாட்டிற்கு" என்று எழுதுவது பழக்கமாகிவிட்டது. அதைப் படிக்கிறவருக்குத் தோன்றும் முதல் சந்தேகம், 'நம்மேல் குறை சொல்லவா?' என்பதுதான். இப்படி எழுதிப் பாருங்கள்:

"பொருள்: சம்பா சாகுபடி – பசலி 1434 – கண்மாய் நீர் இருப்பு விவரம் கோருதல் – தொடர்பாக.
கண்மாய்ப் பாசனத்தில் நெல் பரப்பு குறைந்த கிராமங்களைக் கண்டறிந்து அடுத்த பருவத்திற்குக் குறுகிய கால ரக விதையை ஒதுக்கீடு செய்ய அறிக்கை தயாரிக்கப்பட்டு வருகிறது. இதன் பொருட்டு, 31.12.2024 அன்றைய நீர் இருப்பு சதவீதம் கண்மாய்வாரியாகத் தேவைப்படுகிறது. மராமத்துப் பணி, செலவு விவரங்கள் தேவையில்லை."

கடைசி வாக்கியம்தான் கடிதத்தை நகர்த்தும். வேண்டாதது எது என்று சொன்னதும் கோப்பைப் பார்க்கிறவரின் வேலை பாதியாகிறது. சதவீதம் போதும், துல்லிய அளவு வேண்டாம் என்பது அதற்கு முந்தைய வாக்கியத்திலேயே புரிந்துவிடும்.

6. கெடுவைப் பின்னோக்கி எண்ணி வையுங்கள். அறிக்கை 25-ஆம் தேதி போக வேண்டும் என்றால், அந்தத் தேதியைக் கடிதத்தில் போடாதீர்கள். செயற்பொறியாளருக்கு வந்த கடிதம் உதவி செயற்பொறியாளர் வழியாகப் பிரிவு அலுவலகத்துக்கு இறங்கி, அதே வழியில் மேலே ஏறி வர வேண்டும். சரிபார்க்கவும் உங்களுக்கு நாள் வேண்டும். ஆகவே, "25-ஆம் தேதி அறிக்கை அனுப்ப வேண்டியிருப்பதால் 12-ஆம் தேதிக்குள்" என்று காரணத்தோடு எழுதுங்கள். "மிக அவசரம்" என்ற சிவப்பு மைக்கு யாரும் மசிவதில்லை, எல்லாக் கடிதத்திலும் அதுதானே இருக்கிறது. காலம் பார்ப்பதும் முக்கியம். ஜமாபந்தி நடக்கும்போது கிராம நிர்வாக அலுவலரிடம் அடங்கல் சாரம் கேட்டால் கிடைக்காது. பெருமழை நாளில் நீர்வளத் துறையைக் கேட்டாலும் அப்படித்தான். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் குறைதீர்க்கும் நாள். அன்று தொலைபேசியில் பிடிக்கப் பார்க்காதீர்கள்.

7. கடிதம் போன இரண்டாம் நாள் ந.க. எண்ணைச் சொல்லி, அது எந்தப் பிரிவு எழுத்தரிடம் சேர்ந்தது என்று கேட்டு எழுதி வையுங்கள். பிறகு வரும் நினைவூட்டு அவர் மேஜைக்கே போகும். கண்மாயே இல்லாத பகுதியிலிருந்து 'இன்மை' என்று ஒரு வரி பதில் கட்டாயம் கேளுங்கள். இல்லாவிட்டால், பதில் வராததற்கும் கண்மாய் இல்லாததற்கும் வித்தியாசம் தெரியாது.

8. வந்த எண்ணை அப்படியே ஏற்றாதீர்கள். ஒரு கண்மாய் நீர்வளத் துறைப் பட்டியலிலும் ஒன்றியப் பட்டியலிலும் இருக்கிறதா என்று கிராமப் பெயரை வைத்துத் தேடுங்கள். 40 ஹெக்டேர் எல்லையை ஒட்டியவற்றில்தான் இது நடக்கும். கிராமத்தில் பயிரான நெல் பரப்பு அங்குள்ள கண்மாய்களின் ஆயக்கட்டைவிடக் கூடுதலாக இருந்தால் பிழை என்று முடிவு கட்ட வேண்டாம். ஆழ்துளைக் கிணற்றுப் பாசன நெல் அதில் கலந்திருக்கலாம். இரண்டு துறை எண் மோதினால் நடுவே ஓர் எண்ணைப் போட்டுச் சமாளிக்காமல், கிராமத்தைச் சொல்லி இருவரிடமும் மறுபடி கேளுங்கள். அதற்குள் கெடு வந்துவிட்டால் இரண்டு எண்ணையும் துறைப் பெயரோடு பக்கத்தில் பக்கத்தில் அச்சிட்டு அனுப்புங்கள்.