ஆண்டு விழா அழைப்பு: பெற்றோருக்கு அனுப்பும் முன்

பொங்கல் விடுமுறை முடிந்தது. பொதுத்தேர்வு தொடங்கும்முன் ஆண்டு விழாவை முடித்துவிடப் பள்ளிகள் நாள் குறிக்கும் நேரம் இது. விழாவுக்குப் பொறுப்பேற்ற ஆசிரியர்கள், பெற்றோர் விரலால் தள்ளிப் பார்க்கும் ‘காரஸல்’ படங்களை இந்த வாரமே தயாரிக்கத் தொடங்கிவிடுங்கள்.

பெரும்பாலான பள்ளிகள் மேடைக்காக எழுதிய நிகழ்ச்சி நிரலையே படமாக்கி அனுப்பிவிடுகின்றன. தமிழ்த்தாய் வாழ்த்தில் தொடங்கி நாட்டுப்பண்ணில் முடியும் அந்தப் பட்டியல் தொகுப்பாளருக்கு உதவும். பெற்றோர் தேடுவது வேறு: என் பிள்ளையை எத்தனை மணிக்குக் கொண்டுவந்து விட வேண்டும், எப்போது மேடையேறும், எப்போது, எங்கே திரும்ப அழைத்துக்கொள்ள வேண்டும்? இந்த மூன்றும் வகுப்புவாரியாக ஒரே அட்டவணையில், இரண்டாவது படத்திலேயே இருக்கட்டும்.

அந்த நேரங்களை ஊகமாகப் போடாதீர்கள், மேடையிலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுங்கள். 12 நடனங்கள் கொண்ட விழா என்று வைத்துக்கொள்வோம். பாட்டு நான்கு நிமிடம்தான். ஆனால் அறிவிப்பு, இறங்குவது, ஏறுவது எல்லாம் சேர்ந்தால் ஒரு நடனத்துக்கு ஏழு நிமிடம் ஆகும். 4:30க்கு வாழ்த்தும் குத்துவிளக்கும். 4:40க்கு எல்.கே.ஜி., யு.கே.ஜி. குழந்தைகளின் மூன்று நடனங்கள். சிறுசுகளை உரைகளுக்குப் பின்னால் தள்ளாதீர்கள். வேஷத்தோடு காத்திருந்தே அழுதுவிடும், தூங்கிவிடும். ஐந்து மணிக்கு மேல் வரவேற்புரை, ஆண்டறிக்கை, சிறப்பு விருந்தினர் உரை. தாளில் 40 நிமிடம் என்று எழுதினாலும் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். மீதி ஒன்பது நடனங்கள் 6:05க்குத் தொடங்கினால் 7:10க்கு முடியும். பரிசளிப்பு, நன்றியுரை என 7:45 ஆகிவிடும்.

இதில் மூன்றாம் வகுப்பின் நடனம் 6:05க்கு. பிள்ளைகள் 5:35க்கே மேடைக்குப் பின்னால் வரிசையில் நிற்க வேண்டும். 20 பேருக்கு மேக்கப் போட இரண்டு பேர், ஒரு முகத்துக்கு ஏழு நிமிடம் என்றால் 70 நிமிடம். ஆக 4:25க்குள் மேக்கப் தொடங்கியாக வேண்டும். அட்டவணையில் 4:15 என்று எழுதுங்கள், ‘சாப்பிட்டுவிட்டு வரவும்’ என்பதையும் பக்கத்திலேயே சேருங்கள். எல்லாரையும் மூன்று மணிக்கே வரச்சொல்வது நிர்வாகத்துக்கு எளிது. ஆனால் கடைசியில் ஆடும் பிள்ளை நான்கு மணி நேரம் ஜரிகை உடுப்பில் உட்கார்ந்திருக்கும். மேடை நேரத்தை மட்டும் நிமிடக் கணக்கில் எழுதாதீர்கள். மூன்று நடனங்களை ஒரு பகுதியாக்கி, ‘6:05 முதல் 6:30க்குள்’ என்று எழுதினால், விருந்தினர் உரை சற்று நீண்டாலும் பெற்றோர் பதற மாட்டார்கள்.

இருக்கைக்கான படத்தில் வெறும் சொற்கள் போதாது. மேடை, நுழைவாயில், கழிப்பறை, முதியோருக்கான வரிசை நான்கையும் கோட்டுப்படமாகக் காட்டுங்கள். ஒரு வீட்டுக்கு எத்தனை நாற்காலி என்பதையும் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். 300 பிள்ளைகள், வீட்டுக்கு இரண்டு என்றாலே 600 நாற்காலி. தாத்தா பாட்டியையும் சேர்த்து அழைத்துவரும் வீடுகளின் எண்ணிக்கையை வகுப்பாசிரியர் முன்கூட்டியே கேட்டு வாங்கட்டும். விழாவில் பெரிய சச்சரவு போனில் வீடியோ எடுக்க முன்னால் வந்து நிற்பவர்களால்தான் வரும். மேடையின் பக்கவாட்டில் கயிறு கட்டி ஓர் இடம் ஒதுக்குங்கள். அந்தந்தப் பகுதியில் ஆடும் பிள்ளைகளின் பெற்றோர் மட்டும் அங்கே வந்து எடுத்துவிட்டு, அது முடிந்ததும் இடம்விட வேண்டும் என்று படத்திலேயே எழுதிவிடுங்கள். அன்று மைக்கில் சொன்னால் யார் காதிலும் விழாது.

படங்கள் ஐந்து போதும். முதலில் நாள், இடம், வாயில், தொடங்கும் நேரம். அடுத்து வகுப்பு அட்டவணை, பிறகு இருக்கை, நிகழ்ச்சி வரிசை, கடைசியில் வண்டி நிறுத்துமிடம். 1080 x 1350 அளவில், சிறிய போனிலும் பெரிதாக்காமல் படிக்கும்படி எழுத்து இருக்கட்டும். வாட்ஸ்அப்பில் ஒவ்வொன்றாகப் பகிரும்போது வரிசை கலையும் என்பதால் மூலையில் 1/5, 2/5 என்று எண் போடுங்கள். அதே நேரங்களைத் தனிச் செய்தியாகவும் தட்டச்சு செய்து அனுப்புங்கள், தேடி எடுக்க வசதி.

பிள்ளையைத் திரும்ப ஒப்படைக்கும் அறை, நேரம் இரண்டையும் பள்ளியின் பொதுப் பக்கத்தில் போடவே கூடாது. வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் மட்டும் அனுப்புங்கள். ஒப்படைப்பு மேடைக்கு அருகே வேண்டாம், வகுப்பறையில் பெற்றோரின் அடையாள அட்டையைப் பார்த்துத்தான் நடக்க வேண்டும். பொதுவில் போடும் தொகுப்பில் அந்தக் கட்டத்தை எடுத்துவிடுங்கள்.

விழாவுக்கு ஒரு வாரம் முன்பே அனுப்பி, ஒத்திகையில் உண்மையான நேரம் தெரிந்ததும் சரிசெய்யுங்கள். மாறிய ஒரு படத்தை மட்டும் அனுப்பினால் பழையதும் புதியதும் குழுக்களில் சேர்ந்தே சுற்றும். ஐந்தையும் புதிதாக, ஒவ்வொன்றின் தலையிலும் ‘திருத்தியது’ என்று தேதியோடு போட்டு, வேறு நிறத்தில் அனுப்புங்கள். விழாவுக்கு முந்தைய நாள் மாலைக்குப் பிறகு எந்த மாற்றத்தையும் படமாக அனுப்பாமல், பாதிக்கப்படும் வகுப்பின் பெற்றோரை மட்டும் தொலைபேசியில் கூப்பிட்டுச் சொல்லுங்கள்.