நீர்த் திட்டங்களை மதிப்பிடும் முறை
(தவணைக் கட்டுரை எழுதும் விவசாய மாணவர்க்கான பாடம்)

ஒரு திட்டத்தின் செலவையும் வரவையும் மட்டும் கணக்கிட்டு அது நன்றெனத் தீர்ப்பது முழுமையான மதிப்பீடு ஆகாது. அத்திட்டம் எவ்விடத்து நீரையும் நிலத்தையும் எவ்வாறு மாற்றும், அதன் பயன் எத்தனை காலம் நிலைக்கும் என்பனவும் கணக்கிற் சேரவேண்டும். இதனை யாழ்ப்பாணத்துக்குக் குடிநீர் வழங்கும் திட்டத்தைக் கொண்டு விளக்குவோம்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. மாரி மழை சுண்ணக்கற் பாறையுள் இறங்கி, உவர்நீரின்மேல் மிதக்கும் நன்னீர்ப் படையாகத் தங்குகின்றது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கிணறு உவராகும். தோட்டத்து உரமும் மலசலகூடக் குழிகளின் கசிவும் அதே நீரில் நைத்திரேற்றைச் சேர்க்கின்றன. ஆகவே வெளியிலிருந்து நீர் கொணர்தல் வேண்டுமெனக் கருதப்பட்டது. 2010ஆம் ஆண்டில் ஆசிய அபிவிருத்தி வங்கி இத்திட்டத்துக்குக் கடன் வழங்க உடன்பட்டது. நீரைக் கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்திலிருந்து பெறுவதே முதல் ஏற்பாடு. கமக்காரர் அதனை எதிர்த்தனர். பின்னர் ஏற்பாடு மாற்றப்பட்டு, தாளையடியில் நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் குடிநீர் தரவல்ல கடல்நீர் நிலையம் அமைக்கப்பட்டு, 2024இல் திறக்கப்பட்டது.

கமக்காரரின் அச்சம் நியாயமானதா என்பதைக் கணக்கிட்டே அறியவேண்டும். ஒப்பீட்டுக்காக அதே 24,000 கன மீற்றரைக் குளத்திலிருந்து எடுப்பதாகக் கொள்வோம். ஆண்டுக்கு 87.6 இலட்சம் கன மீற்றர், அதாவது ஏறத்தாழ 7,100 ஏக்கர் அடி ஆகும். குளம் நிரம்பினால் ஒரு இலட்சம் ஏக்கர் அடிக்கு மேற் கொள்ளும். எனவே இது நூற்றுக்கு ஏழு பங்குதான்; அற்பமென்றே தோன்றும்.

ஆனால் சராசரி ஆண்டைக் கொண்டு முடிவுசெய்வதே இங்கு நேரும் பெரும் பிழை. நல்ல மாரியில் குளம் வான்பாய்கின்றது. குடிநீருக்கு எடுப்பதன் ஒரு பகுதி எவ்வாறாயினும் கடலுக்குச் சென்றிருக்கும் நீரே. மழை பொய்த்த ஆண்டில் வான்பாய்வு இல்லை. எடுக்கும் ஒவ்வொரு அடியும் சிறுபோகத்திலிருந்தே குறையும். அவ்வாண்டில் சிறுபோகத்துக்கு 30,000 ஏக்கர் அடி மட்டும் எஞ்சியதாகக் கொண்டால், 7,100 என்பது அதில் ஏறத்தாழ காற்பங்கு. ஏக்கர் நெல்லுக்கு 5 ஏக்கர் அடி வேண்டுமெனின், ஏறத்தாழ 1,400 ஏக்கர் செய்கை இல்லாதொழியும். அந்நெல்லின் பெறுமதி திட்டத்தின் செலவிற் சேரவேண்டும். அதனைப் பெறாதோர் கிளிநொச்சியார், நீர் பெறுவோர் யாழ்ப்பாணத்தார் என்பதையும் கட்டுரையில் தனியே எழுதுக. மொத்த வரவு கூடியதெனினும், இழப்பவருக்கு ஈடு வழங்கப்படாத திட்டம் நிலைப்பது அரிது.

மாற்று வழியையும் அதே அளவுகோலாலேயே அளக்கவேண்டும். கடல்நீர் வறட்சிக்குக் குறையாது, வயலுக்கும் இழப்பில்லை. எனினும் மென்சவ்வினூடாக நீரை அழுத்திச் செலுத்தக் கன மீற்றருக்குப் பொதுவாக 3 முதல் 4 அலகு மின்சாரம் செல்லும். முழு அளவில் இயங்கின், 4 அலகு வீதம் நாளுக்கு 96,000 அலகு. இச்செலவு நிலையம் உள்ளவரை நீங்காது. கட்டும் பணம் கடனாகக் கிடைத்தாலும், இயக்கும் பணம் எவரிடமிருந்து வரும் என்பதே அதன் நிலைபேற்றின் வினா. மேலும் நூறு பங்கு கடல்நீரில் நாற்பது பங்கு நன்னீராயின், எஞ்சிய அறுபது பங்கில் உப்பு ஒன்றரை மடங்கிற்கு மேற் செறியும். அது கடலிற் கலக்குமிடத்தில் ஓட்டம் போதாதெனின் அடித்தரையிற் படிந்து மீன்வளத்தைத் தாக்கலாம்.

இரு வழிகளிலும் பலர் காணத் தவறும் விளைவு ஒன்றுண்டு. வீட்டுக்கு வந்த நீர் பயன்பட்டபின் கழிவாகின்றது. கழிவுநீர்க் குழாய் இல்லாவிடத்து அது குழிகளினூடாகச் சுண்ணக்கல்லுள் இறங்கும். நல்ல நீரைக் கொணர்ந்த திட்டமே கிணற்றை மேலும் கெடுத்தல் கூடும். இதனை அறிய, குழாய் நீர் வருமுன்னரே சில கிணறுகளைத் தெரிந்து, அவற்றின் நைத்திரேற்றையும் மின்கடத்துதிறனையும் மாதந்தோறும் குறித்து வைத்தல் வேண்டும். நைத்திரேற்று இலீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டின் அந்நீர் குடிக்கத் தகாது. மின்கடத்துதிறன் ஏறின் உவர் புகுகின்றதென அறிக. முன்னைய அளவு இல்லையேல் பின்னைய அளவால் எதனையும் நிறுவ முடியாது.

திட்டம் இல்லாவிடினும் கிணறுகள் நாளடைவிற் கெடும் என்பதை மறவற்க. ஆதலால் ஒப்பிட வேண்டியது இன்றைய நிலையோடன்று. திட்டமின்றி இருபது ஆண்டின்பின் இருக்கக்கூடிய நிலையோடேயாம். உமது கட்டுரையில் இக்கணக்கை நல்ல ஆண்டுக்கு ஒருமுறையும் வறண்ட ஆண்டுக்கு ஒருமுறையும் செய்து, இரண்டையும் அருகருகே காட்டுக.