திருத்தலாம், மாற்றக்கூடாது
ஆங்கிலத் திட்ட முன்மொழிவைச் செம்மைப்படுத்தும்போது கவனிக்க வேண்டியவை

இடம்பெயர்ந்த குடும்பங்கள் சில சேர்ந்து ஒரு சிறுதொழில் தொடங்க விரும்புகின்றன. உதவி நிறுவனம் திட்ட முன்மொழிவை ஆங்கிலத்தில் கேட்கிறது. குழுவில் ஓரளவு ஆங்கிலம் தெரிந்த ஒரு பிள்ளை, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதி முடிக்கிறது. பின்னர் ஆங்கிலம் நன்கு தெரிந்த ஒருவரிடம், ஆசிரியரிடமோ பங்குத்தந்தையிடமோ, “இதைக் கொஞ்சம் திருத்தித் தாருங்கள்” என்று கொடுக்கிறார்கள்.

இந்த இடத்தில்தான் நாம் விழிப்பாயிருக்க வேண்டும். பிள்ளையின் ஆங்கிலத்தில் உள்ள பிழைகளைப் படிப்பவர் பெரும்பாலும் பொறுத்துக்கொள்வார். திருத்துபவர் வசனத்தை அழகாக்கும்போது சொல்லாத ஒன்றைச் சேர்த்துவிட்டாலோ, சொன்ன ஒன்றை விட்டுவிட்டாலோ, அதற்குப் பொறுப்பாளிகள் கீழே கையொப்பமிட்ட குடும்பங்களே.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். ஒன்பது குடும்பங்கள் செத்தல் மிளகாய் அரைக்கும் இயந்திரம் கேட்டு எழுதுகின்றன. ஆங்கில வசனங்களைத் தமிழ் எழுத்தில் தருகிறோம்.

1. வீ ஆர் நைன் ஃபமிலிஸ் ஹேவிங் அவர் லாண்ட் த்ரீ ஏக்கர்.
2. எவ்ரி வீக் வீ வில் கிரைண்ட் சிக்ஸ்டி கிலோ சில்லி.
3. இஃப் யூ கிவ் மெஷின் வீ வில் இன்கிரீஸ் ஹண்ட்ரட் கிலோ.
4. இஃப் ரெயின் இஸ் குட் வீ வில் சேல் இன் டவுன் ஓல்சோ.

முதற்படி: இரண்டு வகைப் பிழைகளைப் பிரித்தல்

பேனையை எடுப்பதற்கு முன் நான்கு வசனங்களையும் ஒருமுறை முழுமையாகப் படிக்க வேண்டும். சில பிழைகளில் பொருள் தெளிவாக இருக்கும். வசனம் மட்டும் கரடுமுரடாக இருக்கும். நான்காம் வசனத்தில் ‘செல்’ என்று வரவேண்டிய இடத்தில் ‘சேல்’ என்று வந்திருக்கிறது. விற்போம் என்பதுதான் கருத்து என்பதில் ஐயமில்லை. ‘ஹேவிங்’ என்பதும் அப்படியே. இவற்றை யாரையும் கேட்காமல் திருத்தலாம்.

வேறு சில இடங்களில் வசனத்துக்கு இரண்டு பொருள் வரும். அந்த இடங்களில் கேள்விக்குறி இட்டு எழுதியவரைக் கேட்கும்வரை கை வைக்கக்கூடாது. எமது உதாரணத்தில் அப்படி மூன்று இடங்கள் உண்டு.

“எங்கள் காணி”

முதல் வசனத்தில் ‘அவர் லாண்ட்’ என்று இருக்கிறது. எங்கள் காணி என்று நாம் பேசும்போது உறுதி உள்ள காணியும் அதில் அடங்கும், அனுமதிப்பத்திரக் காணியும் அடங்கும், உறவினர் செய்யவிட்ட காணியும் அடங்கும். ஆங்கிலம் தெரிந்தவர் இதை அழகாக்கி ‘வீ ஓன் த்ரீ ஏக்கர்ஸ்’ என்று எழுதிவிடுவார். வசனம் சரி. ஆனால் ‘ஓன்’ என்ற சொல் சட்டப்படி உடைமை என்று பொருள்படும்.

இந்தப் பிழையை நாமே ஒருமுறை செய்தோம். விசாரணைக்கு வந்த உத்தியோகத்தர் முதலில் கேட்டது உறுதியின் பிரதியை. அந்தக் குடும்பங்கள் செய்தது ஒரு மாமனாரின் காணி. அவர்கள் பொய் சொல்லவில்லை. பொய்யாகிப் போனது நாம் எழுதிய சொல். அன்று அவர்கள் தலைகுனிந்து நின்றதை நாம் மறக்கவில்லை.

ஆகவே கேட்க வேண்டிய கேள்வி: “காணி யாருடைய பெயரில் இருக்கிறது? எந்த முறையில் நீங்கள் செய்கிறீர்கள்?” கிடைக்கும் பதிலையே எழுத வேண்டும்.

“அரைப்போம்”

இரண்டாம் வசனம் மிகவும் நுட்பமானது. “கிழமைக்கு அறுபது கிலோ அரைப்பம்” என்று நாம் சொன்னால் அது இப்போது வழக்கமாகச் செய்வதையும் குறிக்கும், இனிச் செய்யப்போவதையும் குறிக்கும். தமிழில் ஒரே வினைமுற்று இரண்டுக்கும் பயன்படுகிறது. பிள்ளை அதை ‘வில்’ என்று மொழிபெயர்த்திருக்கிறது. ஆங்கிலத்தில் அந்த வசனத்தைப் படிப்பவர் இனிச் செய்யப்போவது என்றே விளங்கிக்கொள்வார்.

ஏற்கனவே கூலி மில்லில் கிழமைக்கு 60 கிலோ அரைத்து விற்கும் குழுவுக்கு அது பெரிய பலம். திருத்துபவர் ‘வில்’ என்பதை அப்படியே விட்டால் அந்தப் பலம் மறைந்துபோகும். மாறாக, இன்னும் தொடங்காத குழுவுக்கு ‘வீ கிரைண்ட்’ என்று திருத்திக் கொடுத்தால் இல்லாத தொழிலை உண்டென்று சொன்னதாகும். “இப்போது அரைக்கிறீர்களா, இனித்தானா?” என்ற ஒரு கேள்வி போதும்.

நூறாகவா, நூறாலா?

மூன்றாம் வசனத்தில் ‘இன்கிரீஸ் ஹண்ட்ரட் கிலோ’ என்று இருக்கிறது. நடுவில் ‘டு’ என்று போட்டால் 60 கிலோ 100 கிலோவாகும். ‘பை’ என்று போட்டால் 60 உடன் 100 சேர்ந்து 160 கிலோவாகும். இரண்டு எழுத்துச் சொல் ஒன்றில் கிழமைக்கு 60 கிலோ வித்தியாசம். மாதம் நான்கு கிழமை என்று வைத்தால் 240 கிலோ. கடன் தவணையை அந்தத் தொகையை வைத்தே கணக்கிடுவார்கள். எது சரியாகப் படுகிறதோ அதைப் போடுவோம் என்று நினைப்பது ஆபத்து. குழுவின் கணக்குக் கொப்பியைப் பார்த்தே போட வேண்டும்.

நிபந்தனையைக் காப்பாற்றுதல்

நான்காம் வசனத்தில் ‘மழை நன்றாகப் பெய்தால்’ என்ற நிபந்தனை இருக்கிறது. “இது பலவீனமாகத் தோன்றும், வெட்டிவிடுவோம்” என்று திருத்துபவருக்கு எண்ணம் வரும். வெட்டினால் மழை பெய்யாத ஆண்டிலும் பட்டணத்தில் விற்க வேண்டிய கடமை ஏற்பட்டுவிடும். அதேபோல, எழுதியவர் சொல்லாத ‘அநேகமாக’, ‘நிச்சயமாக’ என்ற சொற்களைச் சேர்ப்பதும் தவறு. ‘இஃப் யூ கிவ் மெஷின்’ என்பதன் தொனி கொஞ்சம் கடுமையானது. ‘இயந்திரம் கிடைக்குமாயின்’ என்று மரியாதையாக மாற்றலாம். ஆனால் ‘ஆயின்’ போகக்கூடாது.

கடைசிப் படி: திரும்பத் தமிழுக்குக் கொண்டுவருதல்

திருத்தி முடித்த பின், முதற்பிரதியைப் பார்க்காத இன்னொருவர் அதைக் குழுவுக்குத் தமிழில் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். எல்லோரும், விசேடமாகக் கையொப்பமிடுபவர்கள், கேட்க வேண்டும். எமது உதாரணம் கேள்விகளுக்குப் பதில் கிடைத்தபின் இப்படி ஒலிக்கும்:

“நாங்கள் ஒன்பது குடும்பங்கள். உறவினர் ஒருவரின் பெயரிலுள்ள மூன்று ஏக்கர் காணியை அவருடைய சம்மதத்துடன் செய்கிறோம். இப்போது கிழமைக்கு 60 கிலோ மிளகாய் அரைக்கிறோம். இயந்திரம் கிடைக்குமாயின் அதை 100 கிலோவாகக் கூட்டுவோம். மழை நன்றாகப் பெய்தால் பட்டணத்திலும் விற்போம்.”

கேட்டிருக்கும் ஒரு தாய் “நாங்கள் அப்படிச் சொல்லவில்லையே” என்றால், அந்த வசனத்தைத் திரும்ப எழுத வேண்டும். ஆங்கிலம் எவ்வளவு அழகாயிருந்தாலும் சரியே. எல்லோரும் “ஓம், இதைத்தான் சொன்னோம்” என்ற பிறகே கையொப்பம்.

குழுவாகச் செய்து பார்க்க

1. உங்கள் சங்கம் முன்பு அனுப்பிய ஒரு ஆங்கிலக் கடிதத்தின் பிரதியை எடுங்கள். ஒருவர் அதைத் தமிழில் சொல்லட்டும். நீங்கள் சொல்ல நினைத்தது அதில் இருக்கிறதா?
2. “நாங்கள் ஐம்பது கோழி வளர்ப்பம்” என்பதை ஆங்கிலத்தில் எழுதுமுன் எழுதியவரிடம் என்ன கேட்பீர்கள்?
3. உங்கள் காணியை என்ன முறையில் செய்கிறீர்கள் என்பதை ஒவ்வொரு குடும்பமும் ஒரு வசனத்தில் தமிழில் எழுதி வையுங்கள். அடுத்த முன்மொழிவுக்கு அது தேவைப்படும்.