கல்யாண ஆல்பம் கைக்கு வரும்வரை

அக்கா மகள் கல்யாணம் ஆவணியில் கோவில்பட்டியில் ஒரு மண்டபத்தில் நடந்தது. படம் எடுத்தவர்கள் உள்ளூர் ஸ்டுடியோக்காரர்கள். தீபாவளிக்குள் ஆல்பம் தருவதாகச் சொன்னார்கள். பொங்கல் கழிந்துதான் வந்தது.

தாமதம் எங்கே என்று பார்த்தேன். படங்கள் பென்டிரைவில் சீக்கிரமே வந்துவிட்டன. அதில் ஆல்பத்துக்கு வேண்டியதைத் தேர்ந்தெடுப்பது குடும்பத்தின் வேலை. மாப்பிள்ளை வீட்டார் ஒரு பட்டியல், நாங்கள் ஒரு பட்டியல் என்று இரண்டையும் சேர்க்கவே நாளாயிற்று. ஆனால் பட்டியல் கொடுத்த பிறகும் டிசைன் வரவில்லை. ஸ்டுடியோக்காரர்கள் அடுத்தடுத்த முகூர்த்தங்களுக்குப் படமெடுக்கப் போய்விட்டார்கள். ஆகவே, முன்பணம் கொடுக்கும்போதே இரண்டு கெடுவை எழுதி வாங்குங்கள்: படப் பட்டியல் கொடுத்ததிலிருந்து எத்தனை நாளில் டிசைன், திருத்தம் சொல்லி ஒப்புதல் தந்ததிலிருந்து எத்தனை நாளில் அச்சான ஆல்பம். மீதிப் பணத்தில் ஒரு பங்கை ஆல்பம் கைக்கு வந்ததும் கொடுப்பதாகப் பேசிக்கொள்ளுங்கள். இரு வீட்டுக்கும் சேர்த்துப் படம் தேர்ந்தெடுக்க ஒரே ஆளை வையுங்கள்.

கேண்டிட் படங்களில் குறையே இல்லை. அவற்றை எடுத்தவர் மேடை ஏறாமல், கீழே பக்கவாட்டில் நீள லென்ஸோடு நின்றார். தாலி கட்டும்போது எல்லாரும் மணமக்களைப் பார்க்க, அவர் நாத்தனார் முடிச்சுப் போடும் கையையும், அட்சதையோடு எட்டிப் பார்த்த எங்கள் ஆச்சியின் முகத்தையும் பிடித்திருந்தார். ஒரு யோசனை: மேடையின் கலர் எல்.இ.டி. விளக்குகளை முகூர்த்த நேரத்துக்கு அணைக்கச் சொல்லிவிடுங்கள். ஊதாவும் பச்சையும் முகத்தில் விழுந்தால் பிறகு தோலின் நிறத்தைச் சரியாக மீட்க முடியாது. எங்கள் வரவேற்புப் படங்கள் சிலவற்றில் அது தெரிகிறது.

ஸ்டுடியோக்காரர்கள் விருந்தாளிகளிடம் நடந்துகொண்ட விதம் ஆளுக்கு ஆள் மாறியது. மூத்தவர், “ஆச்சி, கொஞ்சம் இப்படி வாங்க” என்று பக்குவமாகப் பேசினார். வீடியோ உதவியாளரோ கிராமத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்த பெரியவர்களைத் தோளைத் தொட்டு நகர்த்தினார். மேடைக்கு முன்னால் மறித்து நின்றதால், முன் வரிசைக்காரர்களே தாலி கட்டுவதைப் பார்க்கவில்லை. பந்தியில், வாயில் சோறு வைக்கும்போது முகத்துக்கு நேரே விளக்கைக் காட்டினார். அத்தை ஒருத்தர் இலையை மூடி எழுந்துவிட்டார். அதை நினைத்தால் இன்றும் மனசு சங்கடப்படுகிறது.

இதையும் முன்கூட்டிப் பேசிவிடலாம். மேடையில் எத்தனை பேர் நிற்பார்கள், எந்தப் பக்கம் நிற்பார்கள் என்று கேளுங்கள். பந்தியில் பரிமாறுவதைத் தூரத்திலிருந்து எடுத்தால் போதும் என்று சொல்லுங்கள். அன்றைக்கு அவர்களோடு நிற்க, சொந்தபந்தங்களை அடையாளம் தெரிந்த ஒருவரை வீட்டிலிருந்து அனுப்புங்கள்.

இந்த ஸ்டுடியோவைப் படத்துக்காகச் சிபாரிசு செய்வேன். ஆனால் கெடுவை எழுத்தில் வாங்காமலும், வரப்போகும் உதவியாளர் யார் என்று விசாரிக்காமலும் முன்பணம் கொடுக்காதீர்கள்.