ஒரே ஆபீஸ், மூன்று காகிதம்: கடைக்காரர் நம்புவதும் உண்மையும்

தென்காசிப் பக்கத்தில் டிபன் சென்டர் நடத்தும் அண்ணாச்சி ஒருவர், கல்லாப்பெட்டிக்கு அடியிலிருந்து இரண்டு காகிதங்களை எடுத்து என் முன்னால் வைத்தார். இரண்டிலும் நகராட்சி முத்திரை. "போன வாரம்தான் பில் கலெக்டர்கிட்ட பணம் கட்டினேன். ரசீதும் இருக்கு. திரும்பவும் நோட்டீஸ் ஒட்டிட்டுப் போறாங்க. இது என்ன அநியாயம், சார்?"

அநியாயம் எதுவும் இல்லை. அவர் கட்டியது தொழில் வரி. வந்திருந்தவை சொத்து வரிக் கேட்பு அறிவிப்பும், தொழில் உரிமம் புதுப்பிக்கச் சொல்லும் அறிவிப்பும். வருவாய்ப் பிரிவில் வேலை பார்த்த காலத்தில் வாரத்துக்கு ஒரு முறையாவது இந்தக் குழப்பத்தைக் கேட்டிருக்கிறேன். பாதிக் குற்றம் பெயர்களின் மேல்தான். தொழில் வரி, தொழில் உரிமம் என்று அடுத்தடுத்து வைத்தால் யார்தான் குழம்பமாட்டார்கள்?

"எதுக்குக் கட்டினாலும் நகராட்சிக்குத்தானே போகுது, ஒண்ணு கட்டினா போதும்"

போதாது. சொத்து வரி கட்டடத்துக்கு. தொழில் உரிமம் அந்த இடத்தில் நடக்கும் தொழிலுக்கு. தொழில் வரி சம்பாதிக்கும் ஆளுக்கு. அரசியல் சட்டத்தின் 276-ஆவது பிரிவுப்படி தொழில் வரி ஒருவருக்கு ஆண்டுக்கு 2,500 ரூபாயைத் தாண்டக்கூடாது. நம் ஊரில் அதை அரையாண்டு அரையாண்டாக வாங்குகிறார்கள். உரிமத்துக்கு வாங்குவது வரி அல்ல, கட்டணம். அது இடத்தோடும் தொழிலோடும் ஒட்டியது. டிபன் கடையை நாலு கடை தள்ளி மாற்றினாலும், அதே இடத்தில் டிபனை விட்டு ஜெராக்ஸ் கடை போட்டாலும் பழைய உரிமம் உதவாது. ஜிஎஸ்டி எண்ணும் உணவுப் பாதுகாப்புப் பதிவும் வேறு துறைகள் தருபவை. அவற்றைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருந்தாலும் உள்ளாட்சி உரிமத்துக்கு ஈடாகாது.

ஆகவே நோட்டீஸ் வந்ததும் தொகையைப் பார்க்காதீர்கள். முதலில் தலைப்பைப் பாருங்கள், அடுத்து எண்ணைப் பாருங்கள். சொத்து வரியில் வரிவிதிப்பு எண் இருக்கும், உரிமத்தில் உரிம எண் இருக்கும். நம் கையில் உள்ள ரசீதில் எந்த எண் அச்சாகியிருக்கிறதோ அந்தக் கணக்கில்தான் பணம் ஏறியிருக்கிறது.

"சொத்து வரி மார்ச்சுக்குள்ள கட்டினா சரி"

இந்த நம்பிக்கைக்குத்தான் கடைக்காரர்கள் அதிகம் பணம் கொடுக்கிறார்கள். தமிழ்நாட்டு நகரங்களில் சொத்து வரி அரையாண்டுக் கணக்கு: ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒன்று, அக்டோபர் முதல் மார்ச் வரை ஒன்று. ஒவ்வோர் அரையாண்டு தொடங்கியும் 30 நாள் அவகாசம். 2023-இல் நடைமுறைக்கு வந்த நகர்ப்புற உள்ளாட்சி விதிகளின்படி, அந்த அவகாசத்துக்குள் கட்டுபவருக்கு 5 சதவீத ஊக்கத்தொகை உண்டு, அதிகபட்சம் 5,000 ரூபாய். தவறினால் மாதத்துக்கு 1 சதவீதம் தனிவட்டி.

அண்ணாச்சியின் காகிதத்தை மாதிரியாக வைத்துக் கணக்குப் போடுவோம். அரையாண்டு வரி 2,400 ரூபாய் என்று கொள்வோம். 2024-25 இரண்டாம் அரையாண்டும், 2025-26 முதல் அரையாண்டும் பாக்கி. 2025 ஆகஸ்ட் கடைசியில் கட்டப் போகிறார். முதல் பாக்கிக்கு அவகாசம் 2024 அக்டோபர் 30-இல் முடிந்தது. நவம்பரிலிருந்து ஆகஸ்ட் வரை 10 மாதம், மாதம் 24 ரூபாய், ஆக 240. இரண்டாவதற்கு அவகாசம் ஏப்ரல் 30 வரை. மே முதல் ஆகஸ்ட் வரை 4 மாதம், 96 ரூபாய். அசல் 4,800, வட்டி 336, மொத்தம் 5,136. இரண்டையும் காலத்தில் கட்டியிருந்தால் தலா 120 ரூபாய் குறைந்து 4,560 ரூபாயோடு முடிந்திருக்கும். 576 ரூபாய் வித்தியாசம். நோட்டீஸில் 'நிலுவை', 'நடப்பு' என்று இரண்டு கட்டங்கள் இருக்கும். தொகை திடீரென்று எகிறியதாகத் தோன்றினால் வரி ஏறிவிட்டதென்று சண்டைக்குப் போகுமுன் நிலுவைக் கட்டத்தைப் பாருங்கள். பெரும்பாலும் வில்லன் அங்கேதான் உட்கார்ந்திருப்பான்.

உங்கள் கட்டடத்தை மறுமதிப்பீடு செய்து வரியை ஏற்றினால் அது கேட்பு அறிவிப்பாக வராது, சிறப்பு அறிவிப்பாக வரும். அளவு, உபயோகம், புதிய வரி எல்லாம் அதில் இருக்கும். ஆட்சேபணை சொல்ல எத்தனை நாள் என்பதும் இருக்கும். சட்டை பிடிக்க வேண்டிய இடம் அதுதான். வீட்டின் முன்பக்கம் ஷட்டர் போட்டுக் கடை வைத்தவர்கள் இதை அவசியம் படிக்க வேண்டும். 900 சதுர அடி வீட்டில் கடை 200 சதுர அடி என்றால், அந்த 200 மட்டும்தான் வணிக உபயோகம், மீதி 700 குடியிருப்பு. முழுவதையும் வணிகமாக ஏற்றிவிட்டால் வரி வெகுவாகக் கூடிவிடும். அளந்து பார்க்கச் சொல்லி எழுத்தில் மனுக் கொடுங்கள், மனு பெற்றதற்கு ஒப்புகை வாங்குங்கள். வாய்ச்சொல் கோப்பில் ஏறாது.

"நான் வாடகைக்கு இருக்கேன், சொத்து வரி எனக்கு எதுக்கு?"

கட்ட வேண்டியவர் உரிமையாளர்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் உரிமம் புதுப்பிக்கப் போனால், கடை இருக்கும் கட்டடத்தின் வரி ரசீதைப் பெரும்பாலும் கேட்கிறார்கள். வீட்டுக்காரர் வைத்த பாக்கி உங்கள் உரிமத்தில் வந்து நிற்கும். அண்ணாச்சி விஷயத்தில் நடந்தது அதுவே. கட்டட உரிமையாளர் சென்னையில், போன் எடுக்கவில்லை.

வாடகைக்கு இருப்பவர் தானே கட்டிவிடலாம். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 69-ஆவது பிரிவு, சட்டப்படி மற்றவர் கட்ட வேண்டிய பணத்தை, அதில் அக்கறை உள்ள ஒருவர் கட்டினால் திரும்பப் பெற உரிமை உண்டு என்கிறது. அந்தச் சட்டமே தரும் உதாரணமும் குத்தகைக்காரர் நிலவரி கட்டிய கதைதான். ஆனால் முதலில் வாடகை ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். 'வரிகளை வாடகைதாரரே செலுத்த வேண்டும்' என்று ஒரு வரி இருந்தால் இந்த வழி அடைபட்டது. இல்லையென்றால், கட்டுமுன் ஒரு கடிதமோ வாட்ஸ்அப் செய்தியோ அனுப்பிவிட்டு, கட்டிய ரசீதையும் சேர்த்து வாடகையில் கழிக்கச் சொல்லுங்கள். கேட்காமல் கழித்தால் நாளைக்கு 'வாடகை பாக்கி' என்று அவர் சொல்லக்கூடும்.

வரி கட்டிய ரசீது இருந்தால் இடம் நமக்கே சொந்தமாகிவிடும் என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். ஆகாது. வரி ரசீது பத்திரம் அல்ல.

"கலெக்டர் தம்பி எழுதிக் கொடுத்தாரே, அதுவே ரசீது"

துண்டுச் சீட்டு ரசீது அல்ல. அச்சான ரசீதில் வரிவிதிப்பு எண், எந்த அரையாண்டு, தேதி, ரசீது எண் நான்கும் இருக்க வேண்டும். சரிபார்க்க வழியும் எளிது. சென்னை தவிர்த்த மாநகராட்சி, நகராட்சிகளுக்கு tnurbanepay.tn.gov.in தளத்தில் வரிவிதிப்பு எண்ணைப் போட்டால் பாக்கி தெரிந்துவிடும். கட்டி இரண்டொரு நாளில் பாக்கி இன்னும் அப்படியே காட்டினால், ரசீதோடு உடனே வருவாய்ப் பிரிவுக்குப் போங்கள். கடை கிராம ஊராட்சியில் இருந்தால் தளம் vptax.tnrd.tn.gov.in.

உரிமத்தின் செல்லுபடித் தேதியை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். பலருக்கு அது மார்ச் 31. விண்ணப்பத்தை பிப்ரவரியிலேயே போடுங்கள். சொத்து வரி பாக்கி, ஒப்பந்த நகல், அளவு எதிலாவது குறை இருந்தால் சரிசெய்ய ஒரு மாதம் கையில் இருக்கும். அண்ணாச்சி ஏப்ரல் முழுவதும் காலாவதியான உரிமத்தோடு இட்லி விற்றார். நான் போனபோது புது உரிமம் வந்திருக்கவில்லை.